ஓரதரைப் பிடித்து அடைக்கும்படி ஓர் ஆணை

செம்பொய்கை நகராட்சி அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாக வேலை பார்த்தவள் மரகதவடிவு. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக உயர்ந்திருந்தாள். சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கத் தெரியாதவள் என்று அவளுக்கு ஒரு பேர் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால், பெண் பார்க்க வருவதாகக் கடிதம் எழுதிய ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு, அவர்கள் விட்ட இரண்டு ஒற்றுகளைச் சிவப்பு மையில் போட்டுக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அடுத்து வந்தவர் பேருந்து நடத்துநர். கடிதமே எழுதாமல் நேரில் வந்துவிட்டார்.

அந்த வருடம் ஆவணி மாதத்தில், ஆட்சிமொழி ஆய்வுக்கு மாவட்டத்திலிருந்து ஆள் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. ஆணையர் அருள்செல்வி பொறுப்பேற்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது. "ஒரு கோப்பில்கூட இங்கிலீஷ் கலப்பு இருக்கக் கூடாது" என்று எல்லாப் பிரிவுக்கும் சொல்லியனுப்பினார்.

முதலில் மாட்டியது குடிநீர்த் தொட்டி இயக்குபவர்களுக்கான நிலையான அறிவுரைகள். உதவிப் பொறியாளர் ஜெபசிங் எழுதிய எட்டுப் பக்கம். அவர் தமிழை வினைமுற்றுக்கு மட்டும் பயன்படுத்துவார். 'டேங்க்கை மன்த்லி ட்வைஸ் கிளீன் பண்ணி, டேட்டை பெயின்ட் பண்ணி, ரிப்போர்ட்டை இமீடியட்டாக சப்மிட் செய்யவும்' என்று போகும் அவர் நடை. ஆணையர் அதைத் திருத்தும் வேலையை வருவாய்ப் பிரிவு இளம்பரிதியிடம் கொடுத்தார். இளம்பரிதி தமிழுக்காக உயிரையே கொடுப்பார். சம்பளப் பட்டியலில் இன்னும் பாஸ்கரன் என்றே இருந்த தம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

இரண்டு நாளில் எட்டுப் பக்கமும் வெளுத்து வந்தது. மோட்டார் மின்னோடி ஆனது. குளோரின் பாசிகம் ஆனது; தொட்டியில் எஞ்சிய பாசிகத்தைத் தினமும் பார்க்கச் சொன்னது ஏழாம் அறிவுரை. வால்வு, ஓரதர் ஆனது. எல்லாமே அகராதியில் உள்ள சொற்கள்தான். இளம்பரிதி ஒன்றையும் கையிலிருந்து போடவில்லை. பதினோரு தொட்டிக்காரர்களையும் வரவழைத்து, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து வாங்கினார்கள். எல்லோரும் போட்டார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவதுதானே வழக்கம்.

பத்து நாள் கழித்துக் கீழரத வீதித் தொட்டி ஒரு சாயங்காலம் முழுக்க வழிந்து, தெருவில் பிள்ளைகள் காகிதக் கப்பல் விட்டார்கள். அந்தத் தொட்டியை இயக்கும் கொம்பையாவுக்குக் குறிப்பாணை போனது: 'மாலை ஆறு மணிக்கு ஓரதரை அடைக்கத் தவறியமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.'

கொம்பையா காகிதத்தைத் தூக்கிக்கொண்டு மரகதவடிவின் மேசைக்கு வந்தான்.

"யக்கா, இதாரு ஓரதரு? அவரை எதுக்கு நான் ஆறு மணிக்கு அடைக்கணும்? போலீசுக்காரன் வேலையில்லா அது?"

மரகதவடிவுக்கு வாயிலிருந்த காப்பி மூக்கில் ஏறிவிட்டது. "வால்வுடே."

"வால்வா? வால்வைத்தான் அன்னைக்கும் அடைச்சேனே! கை கன்னிப்போற அளவுக்குத் திருகினேன். உள்ள ரப்பர் தேஞ்சு கெடக்கு. ஜெபசிங் சார்ட்ட ரெண்டு மட்டம் சொன்னேன். பாக்கேன், பாக்கேன்னாரு."

"வாயால சொன்னியா, எழுதிக் குடுத்தியா?"

"வாயாலதான்."

"பொறவு எப்படிவே நிக்கும்?" என்று சொல்லிவிட்டு அவள் குறிப்பாணையை வாங்கித் திரும்ப ஒருமுறை வாசித்தாள். அப்போது அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்திருந்தால் அவள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போயிருப்பார். "இரு. விளக்கம் நான் சொல்லுதேன். நீ உன் கையால எழுது."

மறுநாள் ஆணையர் மேசைக்குப் போன விளக்கம் இதுதான்: 'குறிப்பாணையில் கண்ட ஓரதர் என்பவர் கீழரத வீதித் தொட்டியில் பணியமர்த்தப்படவில்லை. நான் பணிக்கு வந்த பதினான்கு ஆண்டுகளில் அவரை ஒருமுறையும் சந்தித்ததில்லை. அவரை எவ்விடத்தில் அடைத்து வைக்க வேண்டும், இரவு உணவு யார் தர வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்தினால் அவ்வாறே செய்கிறேன். அறிவுரை ஏழில் சொன்னபடி தொட்டியில் எஞ்சிய பாசியைத் தினமும் தேடுகிறேன். தொட்டி சுத்தமாக இருப்பதால் கிடைக்கவில்லை. மேலும், தொட்டியில் வால்வு என்ற ஒன்று இருக்கிறது. அதன் ரப்பர் தேய்ந்துவிட்டதால் அடைத்தாலும் அடைபடுவதில்லை. இதை உதவிப் பொறியாளரிடம் இருமுறை தெரிவித்தேன்.'

மத்தியானம் ஆணையர் கூப்பிட்டனுப்பினார். மரகதவடிவு போனபோது அந்தத் தாள் மேசையில் விரித்துக் கிடந்தது.

"மரகதம்மா, இது கொம்பையா கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"பதினாலு வருசத்துல அவரு குடுத்த லீவு லெட்டரை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒரு இடத்துலகூட 'க்' 'ப்' சரியா விழலை. இதுல ஒண்ணுகூடத் தப்பலை." ஆணையர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஆபீஸ்ல ஒற்றுப்பிழை இல்லாம எழுதுறது யாரு?"

மரகதவடிவு அந்தத் தாளில் தன் ஒற்றுகளைப் பார்த்தாள். இருபத்தேழு வருடத்தில் இல்லாத பிழை; பிழையே விடாதது பிழையாகிப் போனது. "நான்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன். ஆனா ரப்பர் தேஞ்சது சத்தியம்."

"ராத்திரிச் சாப்பாடும் உங்க யோசனையா?"

"அது மட்டும் அவன்."

ஆணையர் சிரித்துத் தொலைக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தார். பிறகு இளம்பரிதியின் எட்டுப் பக்கத்தையும், ஜெபசிங்கின் பழைய எட்டுப் பக்கத்தையும் அவள் பக்கம் தள்ளினார். "கேலி பண்ணத் தெரியுதுல்லா. வியாழக்கிழமைக்குள்ள ஒழுங்கா எழுதிக் குடுங்க. ஆய்வு வெள்ளிக்கிழமை."

அவள் தன் மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. கீழரத வீதித் தொட்டிக்குக் கீழே மோட்டார் அறை வாசலில் மூன்று நாற்காலி போடச் சொல்லி, இளம்பரிதியையும் ஜெபசிங்கையும் கூட்டிப் போனாள். கொம்பையா குழாய்மேல் உட்கார்ந்துகொண்டான். அவள் ஒவ்வொரு வரியாகத் திருத்திச் சத்தமாக வாசிப்பாள். கொம்பையா தான் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். அவன் முழித்தால் வரி திரும்பவும் எழுதப்படும்.

பாதி வேலை சுலபமாக முடிந்தது. ஓவர்ஃப்ளோ 'நிரம்பி வழிவது' ஆனது. லீக்கேஜ் 'கசிவு' ஆனது. 'மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியின்மேல் எழுதி, அன்றே பொறியியல் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று அவள் வாசித்தபோது ஜெபசிங்குக்கே ஆச்சரியம். "நான் எழுதினது இதுதானா!" லாக் புத்தகத்துக்கு இளம்பரிதி போட்டிருந்த 'குறிப்பேடு' அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வால்வில்தான் சண்டை வந்தது.

"வால்வு இங்கிலீஷ் சொல் அம்மா. ஆய்வுல மார்க்கு போயிரும்" என்றார் இளம்பரிதி.

"வந்தது அங்கேயிருந்துதான். ஆனா வால்வை, வால்வுக்கு, வால்வுலன்னு நம்ம வேற்றுமையெல்லாம் ஏத்துக்கிட்டு நம்ம தெருவுல குடியிருக்கு. அதைப் போய் வெளிய தள்ளச் சொல்லுதீரே. ரிப்போர்ட்டுக்கு நம்மகிட்ட 'அறிக்கை' ஏற்கெனவே நடமாடுது, அதனால ரிப்போர்ட் போகட்டும். வால்வுக்கு நடமாடுத சொல்லு எங்க இருக்கு?"

"புழங்கினால்தானே நடமாடும்?"

அதில் நியாயம் இருந்தது. "பள்ளிக்கூடப் புத்தகத்துல புழங்கட்டும், தம்பி. தண்ணிக்குள்ள மருந்து போடுத ஆளுகிட்டப் பழக்கிப் பார்க்க வேண்டாம்" என்றாள்.

அடுத்து ஸ்டாண்ட்பை மோட்டார். ஜெபசிங் அப்படியே விடச் சொன்னார். இளம்பரிதி 'காத்திருப்பு மின்னோடி' என்றார். இருவரும் மாறி மாறிப் பேசினார்கள்.

"நாங்க மாத்து மோட்டாருன்னுதான் சொல்லுதோம்" என்றான் கொம்பையா, பல்குத்தியபடி.

மரகதவடிவு 'மாற்று மோட்டார்' என்று எழுதினாள்.

பதினொன்றாம் வரிக்கு வந்தபோது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறியிருந்தது. "தொட்டி நிரம்பி வழிவது தவிர்க்கப்பட வேண்டும். வால்வில் பழுது ஏற்படின் தக்க நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." ஒரு கலப்பு இல்லை, ஒரு புரியாத சொல் இல்லை. கொம்பையாவைப் பார்த்தாள்.

"தவிர்க்கப்படணும்னா... யாரு தவிர்க்கணும்?"

"நீதான்."

"சரி. நடவடிக்கை மேற்கொள்ளப்படும்னா? அதாரு மேற்கொள்ளுதது?"

ஜெபசிங்கின் பழைய தாளை எடுத்துப் பார்த்தாள்: 'நெசசரி ஆக்‌ஷன் எடுக்கப்படும்.' இளம்பரிதியின் தாளிலும் 'உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்.' மூன்று பேரும் மூன்று விதமாக எழுதி, ஆளை மட்டும் ஒரே மாதிரி ஒளித்து வைத்திருந்தார்கள். அவளும் அதில் ஒருத்தி. சிவப்புப் பேனாவால் தன் வரியைத் தானே அடித்தாள்.

"வால்வு பழுதானால் தொட்டி இயக்குபவர் அன்றே குறிப்பேட்டில் எழுதி உதவிப் பொறியாளரிடம் கையொப்பம் பெற வேண்டும். உதவிப் பொறியாளர் ஏழு நாட்களுக்குள் பழுதை நீக்க வேண்டும்."

ஜெபசிங் நாற்காலியை விட்டு எழுந்தார். "மேடம், மேடம், இது லாங்வேஜ் கரெக்‌ஷன் மாதிரி இல்லையே! நீங்க ரெஸ்பான்சிபிலிட்டியை ஃபிக்ஸ் பண்றீங்க!"

"தமிழ்ல சொல்லும்" என்றார் இளம்பரிதி. அன்றைக்கு அவர் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

"ஏழு நாள் பத்தாது. பதினஞ்சு போடுங்க."

"தொட்டி வழியும் சார்" என்றான் கொம்பையா.

பத்து நாள் என்று சமாதானம் ஆனது. மரகதவடிவு அதை ஆணையரிடம் தனியாகச் சொல்லி, விதி மாறுகிறது, சொல் மட்டுமல்ல என்று குறிப்பும் எழுதி ஒப்புதல் வாங்கினாள். எட்டுப் பக்கம் நாலரைப் பக்கமாகச் சுருங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை வந்த ஆய்வு அதிகாரி வால்வு, மோட்டார், குளோரின் மூன்றையும் பென்சிலால் வட்டமிட்டார். ஆணையர் கொம்பையாவைக் கூப்பிட்டு அவர் முன்னால் ஒரு பக்கத்தை வாசித்து, என்ன செய்வாய் என்று கேட்டார். அவன் கடகடவென்று சொன்னான், கடைக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுவரை. அதிகாரி வட்டங்களை அழிக்கவில்லை, மார்க்கையும் குறைக்கவில்லை. ஆனாலும் ஆட்சிமொழிக்கு மாவட்டம் கொடுக்கும் கேடயம் பக்கத்து ஊர் நகராட்சிக்குப் போனது. இளம்பரிதி இரண்டு நாள் மரகதவடிவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் வரி அறிவிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, "சும்மா ஒருதரம் வாசிச்சுப் பாருங்க" என்றார்.

கொம்பையாவின்மேல் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. கைவிட்டவர் ஆணையர் என்று தாளில் தெளிவாக எழுதியிருந்தது. கீழரத வீதி வால்வுக்குப் புது ரப்பர் ஆறாம் நாளே வந்தது. குறிப்பேட்டில் தன் கையொப்பம் இருப்பதை ஜெபசிங் மறக்கவில்லை.

அதன்பிறகு அவர் எதை எழுதினாலும் மரகதவடிவின் மேசைக்கு அனுப்பிவைப்பார். ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருக்கும்: 'அம்மா, எவ்வளவு வேணும்னாலும் தமிழாக்குங்க. உதவிப் பொறியாளரை மட்டும் அடிக்கடி கூப்பிடாதீங்க.'