ஒரு நொடியை எட்டாக நீட்டிய காலை

தங்கைக்குக் கல்யாணம் முடிவானபோது எங்கள் அப்பா, நாங்கள் கூப்பிடுவது அத்தா, வளைகுடாவில் ஒரு தையல் கூடத்தில் இருந்தார். லீவு கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டு, கடைசியில் என்னிடம்தான் ஒன்று கேட்டார். புள்ளைக்கு மருதாணி போடுவதையாவது எனக்குக் காட்டு என்று.

கோட்டைமேட்டில் மணப்பெண்களுக்கு மருதாணி போடுவதுதான் என் தொழில். போடுவதைப் போனில் எடுத்து நெட்டில் ஏற்றினால்தான் அடுத்த ஆள் கூப்பிடுவார், அதனால் அதுவும் கை பழகிவிட்டது. வாயும் கொஞ்சம் நீளம் எனக்கு. நேரில் பார்த்தது போலவே காட்டிவிடுகிறேன் என்று அத்தாவிடம் அளந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மதியம் போனை ஸ்டாண்டில் மாட்டி, தங்கையின் கைகளுக்கு நேர் மேலே நிறுத்தினேன். டைம்லாப்ஸில் இரண்டு நொடிக்கு ஒரு படம். மூன்று மணி நேர வேலை மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஜன்னல் வெயில் ஏறி இறங்கினால் படமும் மங்கி மங்கித் தெரியும் என்று திரையை இழுத்துவிட்டு, ஒரே விளக்கைப் போட்டேன். அவள் உள்ளங்கை தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டினேன். இல்லாவிட்டால் என் வெள்ளைச் சட்டைக் கை குறுக்கே போகும்போதெல்லாம் போன் படத்தை இருட்டாக்கிவிடும். நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடக் கூடாதென்று ஏரோப்ளேன் மோடிலும் போட்டேன்.

வீடியோ அப்பழுக்கில்லாமல் வந்தது. வெறும் கையில் கொடி தானாகப் படர்வது போல இருந்தது. எனக்கே என்மேல் கண்பட்டுவிடும் போலிருந்தது. சாயங்காலம் அத்தாவுக்கு அனுப்பினேன். வேலை முடிந்த பிறகு கூப்பிட்டார்.

"நல்லாருக்கு கண்ணு. ஆனா மொகத்தையே காணமே. கையும் வேகமா ஓடிருது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வந்து பாக்கறப்ப அவ இப்படித்தான் சடசடனு வளந்துட்டா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முதுகு ஒடிய உட்கார்ந்தது நானல்லவா. போனை வைத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். தங்கை நடந்ததையும், பள்ளிக்கூடம் போனதையும், தாவணி கட்டியதையும் அவர் இடைவெளி விட்டு விட்டுத்தான் பார்த்திருக்கிறார். அன்று நான் அழுதேன், அதைச் சொல்வதில் வெட்கமில்லை.

இனி அவருக்குக் காட்ட ஒன்றுதான் பாக்கி இருந்தது. மறுநாள் காலையில் காய்ந்த மருதாணியைச் சுரண்டும்போது கறுப்பு உதிர்ந்து சிவப்பு தெரியும். அதை ஸ்லோமோஷனில், முகத்தோடு சேர்த்து எடுத்துவிடலாம். ஆனால் ஒரு கையில் ஒரு தடவைதான் சுரண்ட முடியும்.

காலையில் வீடு நிறைய வெள்ளகோவில் சொந்தம். மாப்பிள்ளை ஊர்க்காரர்களை விலக்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போக முடியாமல் அறைக்குள்ளேயே விளக்கைப் போட்டு, நொடிக்கு இருநூற்று நாற்பது படத்தில் வைத்து வலது கையைச் சுரண்டச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக மினுமினுக்கிறது. மின்சார விளக்கு விட்டு விட்டு எரிவது நம் கண்ணுக்குத் தெரியாது, அந்த வேகத்தில் போனுக்குத் தெரிந்துவிடுகிறது. போதாததற்கு அத்தனை படத்துக்கும் பிரித்துக் கொடுக்க வெளிச்சமும் இல்லாமல் முகம் மணல் மணலாகத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லித்தருகிற எனக்கு அவசரத்தில் புத்தி போய்விட்டது. ஒரு கை வீண்.

தங்கையை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கல்யாணப் பெண் வெயிலில் நிற்பதா என்று அம்மா பின்னாலேயே வந்து திட்டினாள். முகமும் கையும் ஒரே வெயிலில் இருக்கும்படி நிறுத்தி, அவள் கன்னத்தில் வெளிச்சத்தைப் பூட்டினேன். கறுப்பு உதிர உதிரப் போன் தானாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது. அதே இருநூற்று நாற்பதுதான் வைத்தேன், இந்த வெயிலுக்குத் தாங்கும். இடது கையைச் சுரண்டிவிட்டு ஒரு கணம் நிமிர்ந்து போனைப் பார்த்தாள். அவ்வளவுதான், கீழே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரு நொடி எட்டு நொடியாக நீண்டு ஓடியது. கறுப்புத் துணுக்குகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆனால் என் போனில் ஸ்லோமோஷனுக்குச் சத்தம் பதிவாகாது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுத்தான் அனுப்பினேன்.

நிக்காஹ் முடிந்து சாப்பாடு நடக்கும்போது அத்தா கூப்பிட்டார். அன்றும் அவருக்கு வேலை நாள்.

"சத்தம் எதுக்குங் கண்ணு. அவ கடைசில நிமுந்து பாக்கறா பாரு, அப்ப வாயப் பாரு."

போனைக் காதிலிருந்து எடுத்து ஓட்டிப் பார்த்தேன். வாய் மெல்லத் திறந்தது. நாக்கு பல்லைத் தொட்டு நின்றது. மறுபடி திறந்தது. பக்கத்தில் நின்று எடுத்த என் காதில் அது விழவே இல்லை.

"'அத்தா'னு கூப்பிடறா," என்றார். "இன்னொருக்கா பாத்துட்டு வேலைக்குப் போறேன்."