மடித்த இலையை எண்ணியவர்

கல்லூரி மேடைகளில் பரிசுகள் வென்ற நாவோடு நான் எழுத்தராகச் சேர்ந்த இடம், மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிய ஒரு முதியோர் இல்லம். அதன் கண்காணிப்பாளர் தம்மைப் பெரிய நிர்வாகி என்று நம்பியவர். அந்த நம்பிக்கை அவரோடு நின்றுவிட்டது.

ஒருநாள் நன்கொடையாளர் ஒருவர் விருந்தளித்தார். வாயிலில் நின்ற காவலரை அழைத்து, பெஞ்சுகளைத் தூக்கச் சொன்னவர் கண்காணிப்பாளரே. திறந்து கிடந்த கதவு வழியே, நினைவு தடுமாறும் பெரியவர் ஒருவர் வெளியேறினார். எவரும் கவனிக்கவில்லை.

பந்தி முடிந்ததும் கண்காணிப்பாளர் மடித்த இலைகளை எண்ணினார். முகங்களைப் பார்ப்பது அவர் தகுதிக்குக் குறைவு போலும். பெரியவரின் காலி இடத்துக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தவரோ, அவருக்குப் பரிமாறியதையும் உண்டு, இரண்டு இலைகளையும் மடித்து வைத்திருந்தார். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது!

மாலையில் மாத்திரை கொடுக்கப் போன ஆயம்மா காலிக் கட்டிலைக் கண்டு கூவிய பிறகே காவல் நிலையத்துக்கு ஆள் போனது. உப்பளக் கொட்டகையில், கூலிப் பெண்கள் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருந்த பெரியவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவர் எங்கள் வாயில் காவலர்தான். பாதங்களில் கொப்புளங்கள், வேறு காயமில்லை என்றார் மருத்துவர்.

மறுநாள் அறிக்கை எழுத வேண்டும். ஒரு படி பெரியவரின் வானூர் மகளுக்கு, மற்றொன்று சமூக நலத்துறைக்கு. கண்காணிப்பாளர் என்னை அழைத்தார்.

“ஏம்பா பேச்சாளரே, பொண்ணுக்கு, காத்து வாங்கப் போனார்னு எழுது. டிபார்ட்மெண்டுக்கு, வாட்ச்மேன் தூங்கிட்டான்னு எழுது. அவனை இன்னிக்கே நிறுத்திட்டா கேஸ் முடிஞ்சுது.”

“பெஞ்சு தூக்கிக்கிட்டேவா சார் தூங்கினாரு?”

“வாய் நீளுதே! மேடைன்னு நெனச்சியா?”

கதவருகே நின்ற காவலர் தலை நிமிரவில்லை. “மூணு பசங்க சார்,” என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

நான் கார்பன் தாள் வைத்து ஒரே அறிக்கையை எழுதினேன். பெரியவர் கடைசியாக எங்கே காணப்பட்டார், காவலர் யார் உத்தரவால் வாயிலை விட்டார், இல்லாதவர் எப்படி இருப்பவராக எண்ணப்பட்டார், எப்போது தேடத் தொடங்கினோம் என்று எல்லாம் வரிசையாக.

“இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“வேணாம் சார். ‘கண்காணிப்பாளர் கையொப்பமிட மறுத்தார்’னு கீழ ஒரு வரி சேர்த்துட்டு அனுப்பிடறேன். டிபார்ட்மெண்டுல அதைத்தான் மொதல்ல படிப்பாங்க.”

பேனாவின் மூடியைக் கழற்ற அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அவர் வீரத்தின் நீளம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் விசாரணைக்கு வந்த நலத்துறை அதிகாரி, மகளை அருகில் வைத்துக்கொண்டே காவலரை விசாரித்தார். பிறகு கண்காணிப்பாளரிடம் திரும்பினார்.

“இவரை நிறுத்தப் போறதா சொன்னீங்களாமே? கேட்டை விட்டு வரச் சொன்னது யாருங்க?”

கண்காணிப்பாளர் அறிக்கையை எடுத்துப் புரட்டத் தொடங்கினார். மகள்தான் பேசினாள்: “அவர் இங்கேயே இருக்கட்டும் சார். எங்கப்பாவத் தேடிப் போனது அவர் ஒருத்தர்தான்.”

காவலர் வாயிலுக்குப் போய் நின்றார்.