அழுகையை வெட்டச் சொன்ன பாண்டியம்மாள்

வியாழக்கிழமை காலை பாண்டியம்மாள் அக்காவின் தங்கை போன் செய்தார். "அக்கா போயிருச்சுண்ணே. மூச்சு விடவே ஏலல." வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினெட்டு வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மருத்துவச் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறார்கள். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவரோடு மில் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், மடியில் எப்போதும் ஒரு நூலகப் புத்தகம் இருக்கும். என் முதல் நாவலையும் அச்சுக்குப் போகும் முன் அந்த பஸ்ஸில்தான் படித்தார். வேலையில் கண்ணயர்ந்த ஒரு பெண்ணை சூப்பர்வைசர் அடிக்கும் காட்சி அதில் முக்கியமானது. உடைந்த பல், ரத்தம், அலறல் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தேன். படிப்பவன் நடுங்கிப்போவான் என்று நம்பினேன்.

தாள்களை எண்ணெய்க் கறையோடு திருப்பித் தந்தார். "வாசிச்சுக்கிட்டே ஒரு பொட்டலம் மிக்சர் தின்னுட்டேன் அப்பு. இம்புட்டு ரத்தத்துலயும் எனக்குப் பசி போகல."

எனக்குக் கோபம் வந்தது. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அடி வாங்குகிறவள் யாரென்றே தெரியவில்லை. மெஷின் இரைச்சலில் அலறல் கேட்காது, வாய் திறப்பதுதான் தெரியும். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்ததாக எழுதியது சுத்தப் பொய். நூல் சுற்றும் கதிர்கள் ஓடிக்கொண்டே இருக்கும், இழை அறுந்துகொண்டே இருக்கும், ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னார்:

"எனக்குப் பக்கத்து மெஷின்ல ஒருத்தி அடி வாங்குனா. நான் இழை ஒட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒண்ணுகூட விடல. அதை எழுது."

எழுதினேன். மூன்று பக்கம் ஒன்றாயிற்று. கன்னத்தில் ஒரே ஒரு அறை. அதைப் பார்ப்பவள் பக்கத்து மெஷின்காரி. காலையில் பஸ்ஸில் இருவரும் ஒரு ஹேர்பின்னுக்குச் சண்டை போட்டிருந்தார்கள். அறை விழும்போது இவள் அறுந்த இழைகளை ஒட்டுகிறாள், சீக்கிரம் முடியட்டும் என்று நினைக்கிறாள். படிப்பவனும் அவளோடு சேர்ந்து அதையே நினைத்தாக வேண்டும். மதியம் இருவரும் சோற்றுக்குக் கொண்டுவந்த வெஞ்சனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அந்த அறையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் மட்டும் பக்கத்து மெஷின்காரியைக் கழிப்பறையில் அழவிட்டிருந்தேன்.

படித்தபின் மூன்று வாரம் அக்கா என் போனை எடுக்கவில்லை. வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் போய் வழிமறித்தேன். முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த அழுகைய வெட்டிரு. நான் அழுகல. அழுதிருந்தா அன்னைக்கே மனசு ஆறியிருக்கும். படிக்கிறவனுக்கு மட்டும் எதுக்கு ஆறணும்?"

வெட்டினேன். நாவல் வந்தபின் ஒரு வாசகர், அந்த மெஷின்காரி ஏன் தடுக்கவில்லை என்று கோபமாகக் கடிதம் எழுதினார். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "நல்லாக் கேக்கட்டும்," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்திருப்பது ஒரு கேள்வி: அடி விழும்போது பக்கத்தில் இருந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இரண்டு வருடமாக அந்த இருமலைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதெல்லாம் நான் என் நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.