குய்ஜியின் பச்சைப் பூண்டு

பூண்டில் மயில்துத்தம் என்ற நீல விஷத்தைக் கலந்தாளாம்! வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் மருமகளுக்கு! சொல்கிற வாய் கூசாதா? தாவ் வீட்டுக்காரி தெருக்குழாயடியில் நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகன் சேர்க்காததால் குய்ஜி அவமானப்பட்டு ஊரை விட்டே ஓடினாளாம். நான் அடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவள் எப்படிப் போனாள் என்று நான் சொல்கிறேன்.

குய்ஜிக்குப் புருஷன் இல்லை. ஒரே மகன் ஜென்ஹாய், தெற்கே கடலோரத்துக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே மெய்ஷான் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் எட்டாம் நாள் வந்தால் எங்கள் ஊரில் பூண்டை உரித்து, அடிக்கட்டையை நறுக்கி, காடி என்ற வினிகரில் போட்டு மூடிவிடுவோம். புத்தாண்டுக் கொழுக்கட்டைக்குத் தொட்டுக்கொள்ள அது பச்சை மணிபோல இருக்க வேண்டும். வெள்ளையாகவே நின்றால்தான் இங்கே கவலை. குய்ஜி உரித்தது முழுக்க மகனுக்கு. கண்ணாடி ஜாடியில் போட்டு அனுப்பினாள்.

ஜாடி போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, ஒரு மாலையில் மருமகள் போன் செய்தாள். போன் சத்தமாகப் பேசும், சுவர் மெல்லியது.

"அம்மா, பூண்டு நீலமா இருக்கு! என்ன போட்டீங்க?"

"காடிதான் கண்ணு. அது அப்படித்தான் ஆகும்."

"நானும் இங்க காடில போட்டுப் பார்த்தேனே! வெள்ளையாத்தான் இருக்கு. நீங்க போட்டதுல சாயம் இருக்கு. நான் கொட்டிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பேறுகாலத்துக்கு எங்கம்மாவே போதும். நீங்க சிரமப்பட வேணாம்."

குய்ஜி போனை வைத்த சத்தம் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லித்தரும் ஃபான் வாத்தியாரிடம் அவளை இழுத்துக்கொண்டு போனேன். அவர் அடுப்போரம் உட்கார்ந்து சிரித்தார்.

"அக்கா, விஷமும் இல்ல, சாயமும் இல்ல. எல்லாம் பூண்டோட சொந்தச் சரக்கு. குளிர்ல கிடக்கிற பூண்டுக்குள்ள ஒரு கந்தகச் சத்து சேரும். காடி உள்ள எறங்கி பூண்டோட செல்சுவரைத் தளர்த்துச்சுன்னா, பூண்டுல இருக்கிற நொதி அந்தச் சத்தை உடைக்கும். உடைஞ்ச துண்டு, பூண்டுல இருக்கிற அமினோ அமிலத்தோட கோத்துக்கும். அதுதான் நீலம். அப்புறம் மஞ்சள் ஒண்ணு உண்டாகும். ரெண்டும் சேர்ந்தா பச்சை. தாராளமா சாப்பிடலாம். பூஞ்சை பிடிச்சு நாறினாத்தான் தூக்கிப் போடணும்."

"அப்ப அவளோடது ஏன் வெள்ளையா நிக்குது?" என்றேன் நான்.

"வெதுவெதுன்னு இருக்கிற சமையல்கட்டுல கிடந்த பூண்டா இருக்கும். குளிரே படல."

எனக்குப் புரிந்தது பாதிதான். ஆனால் குய்ஜிக்கு முழுதும் புரிந்துவிட்டது. எங்கள் பூண்டெல்லாம் குளிர் முழுக்க வெளிக்கொட்டகையில் தொங்கும், அதை யாராவது யோசித்தோமா? மருமகளுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. மகனுக்குச் செய்தாள், அவன் எடுத்தான்.

"டேய், புதுப் பூண்டை உரிக்காம ஃப்ரிட்ஜ்ல போடச் சொல்லு. சில வாரம் கிடக்கட்டும். அப்புறம் காடில போட்டுப் பார்க்கட்டும். என் மேல கோபம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், பூண்டு பொய் சொல்லாதுன்னு சொல்லு."

"சரிம்மா" என்றான். அந்தச் 'சரி' பேச்சை முடிக்கச் சொன்ன சரி.

புத்தாண்டில் குய்ஜி தனியாகக் கொழுக்கட்டை பிடித்தாள். மகனுக்கென்று பிடித்து ஓரமாக வைத்ததுகூட அப்படியே ஆறிப்போனது. "வாடி" என்று நான் கூப்பிட்டதற்கு, "வயிறு நிறைஞ்சிருக்கு அக்கா" என்றாள். அந்த வீட்டில் ஒரே ஒரு கிண்ணம் கழுவும் சத்தம்தான் கேட்டது. விளக்குத் திருவிழாவுக்கும் வெளியே வரவில்லை. குழாயடியில் மயில்துத்தக் கதை பெருத்துக்கொண்டே போனது. அவள் ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய இடம் அது இல்லையாம்.

பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு காலையில் என் கதவைத் தட்டினாள். போனை நீட்டினாள். எனக்கு எழுத்து தெரியாது, அது தெரிந்தும் நீட்டினாள். அதில் எழுத்தே இல்லை. மருமகள் அனுப்பிய ஒரு படம். வெளுத்த ஓடு பதித்த சமையல்கட்டு, ஜன்னலோரம் ஒரு ஜாடி, அதற்குள் பூண்டு. பாதி நீலம், பாதி பச்சை. ஜாடிக்குப் பக்கத்தில் பெருத்த வயிற்றின் ஓரம் கொஞ்சம் தெரிந்தது.

"ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"இதுக்கு மேல என்ன சொல்லணும் அக்கா?"

அன்று மதியமே மகன் வீட்டுக்குக் கிளம்பி, கதவைப் பூட்டிச் சாவியை என் கையில் வைத்தாள். தோளில் ஒரு துணிப்பை மட்டும்.

"பூண்டு எடுத்துக்கலையாடி? ஒரு ஜாடியாவது?"

"எதுக்கு? அங்க இருக்கே."

சேற்றில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தாள். குழாயடியில் தாவ் வீட்டுக்காரி வாளியோடு நின்றாள். குய்ஜி வாளியைச் சுற்றிக்கொண்டு போனாள். தெரு முனையில் திரும்பியதும் அவள் தலைத்துணி மறைந்தது.