‘உதவக்கூடும்’ என்று எழுதியவர்

சிதம்பரத்தில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த காலத்தில், எத்தியோப்பியாவிலிருந்து வேளாண் ஆராய்ச்சிக்கு வந்திருந்த மாணவர் ஒருவர் உவர்மண் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைக் கொண்டுவந்தார். ‘இம்முடிவை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்ற வரியைக் காட்டி, “உவர்மண்ணுக்கு இன்னும் எதற்கு உப்பு?” என்று கேட்டார்.

அது மரபுத்தொடர், முழுவதும் நம்பிவிடாதே என்று பொருள் என்றேன்.

“அடுத்த வரியில் ‘இம்மண்ணைத் திருத்த ஜிப்சம் உதவக்கூடும் எனத் தோன்றுகிறது’ என்கிறாரே, உதவுமா உதவாதா?”

“ஒரே வயலில்தான் சோதித்திருக்கிறார். அதற்குமேல் அடித்துச் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை.”

அது அவருக்குப் பிடித்துப்போனது. அவரும் ஒரே வயலில்தான் சோதித்திருந்தார். தன் ஆய்வேட்டில் ‘உதவக்கூடும்’ என்றே எழுதினார். அவருடைய பேராசிரியர் அதை அடித்துவிட்டு ‘நிரூபிக்கப்பட்டது’ என்று திருத்தினார். நான் போய்க் கேட்டேன்.

“கூடும் கீடும்னு எழுதுனா எவன் சார் மதிப்பான்?”

“ஒரு வயல்தானே சார் பாத்திருக்காரு?”

“அதெல்லாம் எவன் வந்து பாக்கப் போறான்?”

சுவர் முழுக்கப் பட்டங்களை மாட்டிவைத்திருந்த மேதை அவர். மாணவர் மசியவில்லை. பேராசிரியர் பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் ‘உதவக்கூடும்’ என்று இருந்தபடியே கையெழுத்துப் போட்டார். ஆனால் கடலூர்க் கருத்தரங்கில் மேடையேறி, “நாங்கள் நிரூபித்துவிட்டோம்!” என்று முழங்கினார். முன்வரிசை மொத்தமும் கைதட்டியது. நானும் மாணவரும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.