பிறை பார்க்கும் மாலைக்குப் பதிந்த வலீமா

எங்கள் பள்ளிவாசலின் முகநூல் பக்கத்தை நான்தான் கவனிக்கிறேன். ஐந்து நேரத் தொழுகைக்கும் பாங்கு நேரம், தொழுகை தொடங்கும் இகாமத் நேரம் என்று பத்து நேரங்கள். பெருநாள் அறிவித்தல்கள். கீழே மண்டபப் பதிவுகள். பதிவேற்றுமுன் மூன்று தடவை சரிபார்ப்பேன். கணக்குப் படிப்பித்த பழக்கம்.

அப்படியும் பிழைத்தது. ரமழான் அறிவித்தலை எழுதும்போதுதான் கண்டேன். தலைப்பிறை இரவு தொடக்கம் மண்டபம் பெண்களின் தராவீஹ் தொழுகைக்கு. ஆனால் அதற்கு முந்தைய மாதமான ஷஃபான் இருபத்தொன்பது மாலை, இஷா என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு, ஒரு வலீமா கல்யாண விருந்தைப் பதிந்திருந்தேன். இருபத்தொன்பது ரமழான் அல்லவே என்று எண்ணிவிட்டேன். பொழுது சாயும் மஃரிபோடு நமக்கு அடுத்த நாள் பிறந்துவிடும். அன்று பிறை தென்பட்டால் அந்த இரவே ரமழான்.

இரண்டு இரவு தூங்கவில்லை. மூன்றாம் நாள் மணப்பெண்ணின் தாயிடம் போனேன். கணவனை இழந்தவர். வீடு ஒரு முடுக்கில். இருபது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும்.

"புள்ள, பிறை கண்டா மண்டபம் இல்ல. பிழை என்னில."

"கணக்கு சேருக்கே கணக்கு பிழைச்சிட்டா?" சிரித்தார். பிறகு முகம் வாடியது. "நூற்றைம்பது பேருக்குச் செல்லியாச்சி சேர். மாப்புள சனிக்கிழமை கத்தார் போறார். நான் எங்க சோறு வைக்கிற?"

நான் நிலத்துச் சதுரங்களை எண்ணினேன். பதினெட்டு.

"அசரோட, பின்னேரமே வெச்சா?" என்றார் அவரே. "மஃரிபுக்கு முந்தி சோத்துச் சஹனத் தூக்கிரலாம். மண்டபம் பகல்ல சும்மாதானே?"

"ஓம், சும்மாதான்."

"அப்ப உங்கட பக்கத்துல போடுங்க. இந்த ஊர்ல கார்டப் பாக்கிறவனவிட அதப் பாக்கிறவன் கூட."

போட்டேன். மறுநாள் வரை எழுபத்து மூன்று பேர் 'பார்த்தோம்' என்று எழுதினார்கள். மீதி வீடுகளுக்கு நானே சைக்கிளில் போய்ச் சொன்னேன்.

விருந்தன்று பின்னேரம் நாலரை மணிக்கு முதல் சஹன் விரிந்தது. ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர், இருபத்தைந்து சஹன். கடற்காற்று கதவுத் திரைகளை உள்ளே ஊதி வெளியே இழுத்தது. நெய்ச்சோற்றின் மணத்தில் நேரம் மெதுவாக மிதந்தது. நான் மட்டும் கடிகாரத்தோடு நின்றேன். பாங்குக்குப் பதினொரு நிமிடம் இருக்கக் கடைசி சஹன் எழுந்தது.

மஃரிப் தொழுதுவிட்டு மொட்டைமாடியில் கூடினோம். மேற்கே அறுவடை முடிந்த வயல்கள் நீலமாகிக் கரைந்தன. மாவடிப்பள்ளிப் பக்கம் மெல்லிய கீற்று ஒன்று. கண்ணைக் கசக்கினேன். இருந்தது. கொழும்பிலிருந்து பிறை அறிவித்தல் வந்ததும் 'இன்று இரவு தராவீஹ்' என்று பக்கத்தில் ஏற்றினேன்.

உடனே தொலைபேசி. பெண்ணின் தாய்.

"சேர், மண்டபம் கழுவியாச்சா?"

"கழுவி, பாயும் விரிச்சாச்சி. எட்டு வரிசை."

"இன்னொண்டு விரிக்கச் செல்லுங்க. சாப்பிட வந்த பொம்புளையள் ஒருத்தரும் ஊட்ட போகல்ல. புதுப்பொண்ணும் தொழ உளு செஞ்சிட்டு நிக்கிறா."

நான் ஒன்பதாவது பாயைத் தேடிப் படியிறங்கினேன்.