கஞ்சியக்கா சொன்ன சாட்சி

"எனக்குக் கெடுதல் பண்ணினவங்களை நான் மன்னிச்சதா சரித்திரமே கிடையாது. எரிச்ச பிறகும் என் சாம்பல் அவங்க கண்ணுலதான் போய் விழும்."

கஞ்சியக்கா இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது சபையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: பஸ் மெக்கானிக்கான கணவர், அப்புறம் ஒரு பழைய மின்விசிறி. இருவருமே தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். எதிர்த்துப் பேசும் துணிச்சல் இருவருக்கும் இல்லை.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் டாக்டர்களின் கோட்டுக்குக் கஞ்சி போடுபவர். அந்தக் கஞ்சி கொஞ்சம் குணத்திலும் இறங்கிவிட்டது என்பது கூட வேலை செய்தவர்களின் கண்டுபிடிப்பு.

பகையின் வரலாறு இது. ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டியின் சக்கரம் ஒருநாள் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டது. அக்கா இழுத்தார். வண்டி வரவில்லை, இடுப்புதான் வந்தது. தரையில் கிடந்தவரை மேற்பார்வையாளர் வந்து குனிந்து பார்த்து, மருத்துவ விஞ்ஞானத்துக்குத் தன் பங்களிப்பைச் செய்தார்.

"இடுப்பு வலி படுக்கையில வர்ற வியாதிம்மா. விபத்துன்னா ரத்தம் வரணும்."

விபத்து நடந்ததாக எழுதினால் நிர்வாகம் தன்னைக் கேள்வி கேட்கும் என்பது அவர் கவலை. எனவே வேலையில் எதுவும் நடக்கவில்லை, அம்மா வலியோடுதான் வந்தார் என்று தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். அக்கா அந்த அலுவலகத்துக்கே போய் முறையிட்டார். யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்கள். பார்த்தவர்கள் ஒரு கூட்டமே உண்டு. ஆனால் அன்று எல்லோருடைய கண்ணும் துணியில்தான் இருந்ததாம்.

விளைவு, வேலைக்காயம் என்றால் கிடைக்க வேண்டியது சாதாரண நோய்க்கான உதவித்தொகையாகச் சுருங்கியது. காயத்துக்குச் சம்பளத்தில் பெரும்பங்கு வரும், வேலைக்குத் திரும்பும்வரை வரும், ஊனம் நிலைத்துவிட்டால் மருத்துவக் குழு பார்த்து ஆயுளுக்கும் வரும். நோய்க்கு வருவது குறைச்சல். அதற்கு ஒரு கெடுவும் உண்டு. கெடு முடிந்தது, வலி முடியவில்லை. அக்கா இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு கஞ்சிக்குத் திரும்பினார். அன்றிலிருந்து, கூடத்திலேயே துவைக்கும் மேற்பார்வையாளரின் சட்டைக்கு மட்டும் கஞ்சி கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. காலர் அவர் கழுத்தை நாள்தோறும் அறுத்தது. ஆனால் அதெல்லாம் பசிக்கு முன் கொறிப்பது மாதிரிதான்.

விருந்து பிறகுதான் வந்தது. ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், சோப்புத் தண்ணீரில் மேற்பார்வையாளர் வழுக்கி, இயந்திரத்தின் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. பார்த்தது அக்கா ஒருவர்தான்.

நிர்வாகம் அவர் கற்றுக்கொடுத்த பாடத்தை அவருக்கே ஒப்பித்தது: எலும்புத் தேய்மானம், வியாதி, விபத்தில்லை. விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அவருடைய மனைவி போனில் அக்காவைக் கெஞ்சினார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அக்கா இரவெல்லாம் சந்தோஷமாகப் புரண்டார், இடுப்பு அனுமதித்த அளவுக்கு.

"என்ன சொல்லப் போற?" என்றார் கணவர்.

"என் கண்ணு துணியில இருந்துச்சுன்னு சொல்லப் போறேன். அவரு முகம் போற போக்கை மட்டும் நல்லாப் பாத்துட்டு வந்துடறேன்."

விசாரணை அறைக்கு அக்கா கல்யாணத்துக்குப் போவதுபோல் கிளம்பிப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் காப்பீட்டு அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் பேனாவோடு நிர்வாகத்தின் ஆள். இந்தப் பக்கம் நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தபடி மேற்பார்வையாளர். பழைய தேய்மானம் இருந்தாலும் பரவாயில்லை, வேலையில் விழுந்ததால் மோசமானது என்று தெரிந்தால் அது காயம்தான் என்று அதிகாரி விளக்கினார். விழுந்ததற்குத்தான் சாட்சி வேண்டும்.

அக்காவைப் பார்த்ததும் மேற்பார்வையாளர் மரியாதைக்கு எழப் பார்த்தார். நேராக எழ முடியவில்லை. மேசையைப் பிடித்து, வலது காலை இழுத்து, மூச்சை அடக்கி, பாதியில் நின்றார். அந்தப் பாதியில் என்ன இருக்கிறது என்று அறையில் ஒருவருக்குத்தான் தெரியும். அக்கா காத்திருந்த முகம் அதுதான். நன்றாகத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்க, இத்தனை நாள் கட்டிக் காத்த ருசி எங்கே போனதென்று தெரியவில்லை.

"பார்த்தீங்களாம்மா?" என்றார் அதிகாரி.

அக்கா தன் இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டார். நிர்வாகத்தின் ஆள் நம்பிக்கையோடு பேனாவை மூடினார்.

"பார்த்தேன். தரையில சோப்புத் தண்ணி. வேலை நேரம். கழுவுற மிஷின் மேல மோதி விழுந்தாரு. அதுக்கு முன்னாடி நல்லாத்தான் நடந்துட்டு இருந்தாரு, என்னை விரட்டுற வேகத்துல."

மேற்பார்வையாளர் இன்னும் பாதியிலேயே நின்றிருந்தார்.

"நேரா எந்திரிக்காதீங்க சார்," என்றார் அக்கா, யார் முகத்தையும் பார்க்காமல். "ஒருக்களிச்சு உக்காருங்க, அப்புறம் கையை ஊணுங்க. அப்படித்தான் வலிக்காது."

சொல்லிவிட்டு மேற்பார்வையாளரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.